அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே அண்ணி

இரவு ஒன்பதரை மணி. சாப்பிட்ட தட்டைக்கூட எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார் கணவர். கோயம்புத்தூரில் இருக்கும் தங்கையோடு இருபது நிமிடம் போனில் கத்திவிட்டு இப்போதுதான் வைத்தார். அடுக்களையிலிருந்து வரும் மனைவியைப் பார்த்துக் கேட்கிறார்: "நீயே சொல்லு. நான் கேட்டதுல என்ன தப்பு?"

"ஆமாங்க, அவ பேசறது அநியாயம்" என்றால் நாத்தனாரைக் கைகழுவியவள் ஆகிறாள். "அவ சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க" என்றால் "அப்ப நீ யார் பக்கம்?" என்று வரும். வாயைத் திறக்காவிட்டால், "உனக்கென்ன, உங்க அப்பா வீட்டுச் சொத்தா?" என்பார். மூன்று வாசலிலும் முள்.

மாமியார் மருமகள் சண்டையைப் பற்றி நம்மிடம் ஆயிரம் கதைகள் இருக்கின்றன. வாழ்க்கைத் துணை தன் சொந்த உடன்பிறப்போடு முறைத்துக்கொண்டு நிற்கும்போது நடுவில் மாட்டியவர் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இந்தச் சண்டையில் ஒரு விசேஷம் உண்டு. தானாடாவிட்டாலும் தன் தசையாடும். இன்றைக்குத் தங்கையை வாய்க்கு வந்தபடி திட்டுகிற அதே மனிதர், அவளுக்கு ஒரு ஆபரேஷன் என்று கேள்விப்பட்டால் முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவார். அவர்கள் பேசியதை அவர்கள் மறந்துவிடுவார்கள். நடுவில் இருந்தவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இருவருக்கும் நினைவில் நிற்கும்.

சண்டையைப் பிரித்துப் பார்ப்போம்

பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் வைத்துப் பார்க்கலாம். ஊர் கும்பகோணம் என்று வைத்துக்கொள்வோம். அப்பா தன் சம்பாத்தியத்தில் 1998-ல் வாங்கிய வீடு. உயில் எழுதாமல் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அம்மா இருக்கிறார். மகன் மனைவி, பிள்ளைகளோடு அதே வீட்டில் இருக்கிறார். அப்பா இருக்கும்போதே 8 லட்சம் கடன் வாங்கி மாடி எடுத்தவர் அவர். கடனை அடைத்தவரும் அவர்தான். மகள் கல்யாணமாகிப் போய்விட்டார். கல்யாணத்தில் 30 பவுன் போட்டார்கள்.

இப்போது வீட்டின் பேரில் கடன் வாங்க வேண்டும், பட்டா மாற்ற வேண்டும். அண்ணன் பத்திர எழுத்தரைப் பார்த்து விடுதலைப் பத்திரம் தயார் செய்துவிட்டுத் தங்கைக்குப் போன் செய்கிறார்: "வர்ற புதன்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போயிடு." அங்கே வெடித்தது.

வெளியிலிருந்து பார்த்தால் இது சொத்துத் தகராறு. உள்ளே மூன்று சண்டைகள் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று பணம்: யாருக்கு எவ்வளவு. இரண்டாவது உழைப்பு: அப்பாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியது யார், அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது யார். மூன்றாவது மரியாதை: என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா? அண்ணன் இரண்டாவதைப் பற்றிப் பேசுகிறார், தங்கை மூன்றாவதைப் பற்றிப் பேசுகிறார். இருவர் வாயிலும் வருவது என்னவோ முதலாவது. அதனால்தான் எத்தனை தடவை பேசினாலும் முட்டிக்கொள்கிறது.

அண்ணி செய்யக்கூடிய முதல் நியாயம், இந்த மூன்றையும் தன் மனதிலாவது தனித்தனியாகப் பிரித்து வைப்பதுதான். ஏனென்றால் மூன்றுக்கும் நியாயம் வெவ்வேறு ஆட்களிடம் இருக்கலாம்.

பணத்தில் சட்டம் தெளிவானது. அப்பாவின் சொந்தச் சம்பாத்தியம், உயில் இல்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, மகன், மகள் மூவருக்கும் சம பங்கு. 1989 மார்ச் 25-க்கு முன்னால் கல்யாணமான பெண்ணுக்குப் பங்கில்லை என்று பலர் சொல்லக் கேட்டிருப்போம். அது தமிழ்நாட்டுத் திருத்தத்தில் பூர்வீகச் சொத்துக்கு வைத்திருந்த வரம்பு. 2005-ல் வந்த மத்தியத் திருத்தமும் 2020-ல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பும் பூர்வீகச் சொத்திலும் மகளை மகனுக்குச் சமமாக்கிவிட்டன. அப்பா சுயமாகச் சம்பாதித்த சொத்துக்கு அந்தத் தேதி என்றைக்குமே பொருந்தியதில்லை. போட்ட 30 பவுனும் பங்கைக் கரைக்காது. ஆக, பணத்தில் தங்கை கேட்பது தயவு அல்ல. உழைப்பில் அண்ணன் சொல்வது உண்மை. மரியாதையில் தவறு அண்ணனுடையது.

மூன்றாவது கால்

குடும்ப உறவுகளை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் மர்ரே போவன் இதற்கு 'முக்கோணம்' என்று பெயர் வைத்தார். இரண்டு பேருக்குள் பதற்றம் தாங்க முடியாமல் போனால், அவர்கள் மூன்றாவது ஒருவரை உள்ளே இழுப்பார்கள். இரண்டு காலில் ஆடுகிற முக்காலி மூன்றாவது கால் வந்ததும் நின்றுவிடுவதுபோல, பதற்றம் கொஞ்சம் அடங்கும். ஆனால் சண்டை தீராது. அண்ணன் தன் கோபத்தை மனைவியிடம் கொட்டிவிடுகிறார், தங்கை தன் வருத்தத்தை அண்ணியிடம் கொட்டிவிடுகிறார். பாரம் இறங்கிவிட்டதால் இருவரும் நேருக்கு நேர் பேச வேண்டிய கட்டாயமே இல்லாமல் போகிறது. மாதங்கள் ஓடுகின்றன.

போவன் இதற்குச் சொன்ன வழி விலகி ஓடுவது அல்ல. இருவரோடும் உறவை விடாமல் வைத்திருக்க வேண்டும், ஆனால் ஒருவரின் கோபத்தை மற்றவரிடம் சுமந்துபோகும் வேலையை மட்டும் செய்யக்கூடாது.

அது எப்படி இருக்கும்? மறுநாள் காலை அண்ணிக்கு வாட்ஸ்அப்பில் நான்கு நிமிடக் குரல் பதிவு ஒன்று வருகிறது. "அண்ணி, அண்ணன்கிட்ட சொல்லாதீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கல. நான் என்ன சொத்துக்கு அலையறவளா? கேட்டிருந்தா நானே எழுதிக் கொடுத்திருப்பேன்..." கடைசியில் அழுகை.

இங்கே பெரும்பாலும் இரண்டில் ஒரு தவறு நடக்கும். அந்தப் பதிவை அப்படியே கணவருக்குப் போட்டுக் காட்டுவது ஒன்று. "கேட்டிருந்தா எழுதிக் கொடுத்திருப்பாளாம்" என்று சாறு பிழிந்து சொல்வது இன்னொன்று. நல்லெண்ணத்தில் செய்தாலும் சொன்னவள் பேச்சு கேட்பவரிடம் போய்ச் சேரும்போது சுமந்தவளின் குரலும் அதில் ஒட்டிக்கொள்ளும். நாளைக்கு, "அண்ணி திரிச்சுச் சொல்லிட்டாங்க" என்றுதான் முடியும்.

இப்படிப் பதில் சொல்லலாம்: "முழுசாக் கேட்டேம்மா. பத்திரம் எழுதறதுக்கு முன்னாடி உன்னக் கேட்டிருக்கணும், எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா இத நான் போய்ச் சொன்னா என் வார்த்தையா ஆயிடும். நீயே அவர்கிட்ட சொல்லு. நீ சொன்னத நானா எடுத்துப் பேச மாட்டேன். ஆனா உன் தங்கச்சி பேசினாளான்னு அவர் கேட்டா, பேசினான்னு சொல்லுவேன். ஒளிக்க மாட்டேன்."

இதில் ஒரு விதி அடங்கியிருக்கிறது. ஒருவரிடம் நாம் சொல்வது எதுவாக இருந்தாலும், மற்றவர் அந்த அறையில் இருந்தாலும் அதையே சொல்ல முடிய வேண்டும். சொல்ல முடியாத வாக்கியம் ஒன்று நாக்கு நுனிக்கு வந்தால், நாம் சாயத் தொடங்கிவிட்டோம் என்று அர்த்தம்.

ஒவ்வொருவர் பக்கமும் முழுசாக

நியாயமாக இருப்பது என்றால் ஒருவர் பக்கமும் சேராமல், "ரெண்டு பேர் மேலயும் தப்பு இருக்கு" என்று சொல்லிவிட்டு உட்காருவது என்று பலரும் நினைக்கிறோம். அடிபட்டவருக்கு அது நியாயமாகத் தெரியாது, அலட்சியமாகத்தான் தெரியும்.

ஹங்கேரியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய குடும்ப சிகிச்சை மருத்துவர் இவான் போசோர்மெனி-நாஜ் இதைத் தலைகீழாகப் பார்த்தார். நடுநிலை வேண்டாம், ஒவ்வொருவர் பக்கமும் மாறி மாறி, முழு மனதோடு சாருங்கள் என்றார். அண்ணனோடு இருக்கும்போது அவருடைய பாரத்தை முழுசாகப் பார்க்க வேண்டும். தங்கையோடு பேசும்போது அவளுடைய இடத்தில் முழுசாக நிற்க வேண்டும். அறையில் இல்லாதவரையும் மறக்கக்கூடாது. இந்த வீட்டில் அப்படி ஒருவர் இருக்கிறார், அம்மா. மூன்றில் ஒரு பங்கு அவருடையது. இருவர் சத்தத்தில் அவரை யாரும் கேட்கவில்லை.

ஒன்பதரை மணிக் கேள்விக்கு இப்போது வருவோம். "நான் கேட்டதுல என்ன தப்பு?" என்பது தீர்ப்புக் கேட்கும் கேள்வி போலத் தோன்றும். உண்மையில் அவருக்கு வேண்டியது சாட்சி. ஆகவே தீர்ப்பைத் தள்ளிவைத்துவிட்டு முதலில் சாட்சி சொல்லலாம்.

"மாடி எடுத்தப்ப நீங்க பட்ட பாடு எனக்குத் தெரியும். ரெண்டு தீபாவளிக்குத் துணி எடுக்கல நாம. மாமாவ ராத்திரி மூணு மணிக்கு ஆட்டோல தூக்கிட்டுப் போனதும் நீங்கதான். அது யார் கண்ணுக்கும் தெரியலேன்னு உங்களுக்கு ஆத்திரம். சரியா?"

அவர் தலையாட்டினால் போதும், அன்றைக்கு அங்கேயே நிறுத்தலாம். கோபம் இறங்காத மண்டையில் நியாயம் ஏறாது. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, யாரும் பக்கத்தில் இல்லாதபோது, மீதியைச் சொல்லலாம்: "அவளுக்குச் சட்டப்படி பங்கு இருக்குங்க. அத விட்டுக் கொடுக்கச் சொல்றோம்னா, கேட்டுத்தான் வாங்கணும். தேதி குறிச்சுட்டுக் கூப்பிட்டது தப்பு. இத நான் ஒரு தடவதான் சொல்லுவேன், அவகிட்டப் போய் உங்கள விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன்."

தங்கையிடமும் இதேபோல ஒரு கடினமான வார்த்தை பாக்கி இருக்கிறது. "உன் பங்கு உன்னோடதும்மா, அதுல ரெண்டாவது பேச்சில்ல. ஆனா மூணு வருஷமா அத்தையோட ஆஸ்பத்திரிச் செலவு எவ்வளவுன்னு நீ ஒரு தடவகூடக் கேட்கல. அத அவர் மனசுல வச்சிருக்காரு." இருவருக்கும் ஒரு ஆறுதல், ஒரு கசப்பு. இருவருக்கும் நாம் ஊட்டிய கசப்பின் அளவு ஏறக்குறைய ஒன்றா என்று பார்த்துக்கொண்டால் தராசு சரியாக நிற்கிறதா என்று தெரியும். ஒரு வாரமாகக் கணவருக்கு ஆறுதல் மட்டும், நாத்தனாருக்குக் கசப்பு மட்டும் போயிருந்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது வெளிச்சம்.

அண்ணியின் கணக்கு

இந்த இடத்தில் பல கட்டுரைகள் சொல்லாமல் விடுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். நடுவில் இருப்பவர் நடுவர் அல்ல. அந்த வீட்டில் குடியிருப்பவள் அண்ணி. தங்கை கையெழுத்துப் போட்டால் லாபம் அவளுடைய பிள்ளைகளுக்கும்தான். தவிர, மாமியாரைக் குளிப்பாட்டிவிட்டவள் அவள். போன பொங்கலுக்கு வந்த நாத்தனார், "அம்மா இளைச்சுட்டாங்களே, சரியாச் சாப்பாடு போடறதில்லையா?" என்று கேட்டதும் அவள் மனதில் இருக்கிறது. இத்தனையையும் உள்ளே வைத்துக்கொண்டு, "எனக்கு ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நம்பவும் கூடாது.

இதற்கு ஒரே வழி, தன் பங்கை முதலில் வெளியே வைப்பதுதான். "இதுல எனக்கும் ஆதாயம் இருக்கு. அதனால எவ்வளவு கொடுக்கணும்ங்கிறதுல நான் வாய் திறக்க மாட்டேன்" என்று இருவரிடமும் சொல்லிவிடலாம். அதைச் சொன்ன பிறகு அவள் மற்றவற்றைப் பேசினால் அதற்கு எடை கூடும். நாத்தனார் மேல் உள்ள தன் சொந்த வருத்தத்தைக் கணவரின் சண்டைக்குள் கொண்டுவந்து சேர்க்காமல், வேறொரு நாள் அவளிடமே நேரில் பேசிக்கொள்வதும் இதில் அடக்கம்.

தொகையை யார் பேசுவது? நம் குடும்பங்களில் அதற்குத் தாய்மாமன் இருக்கிறார். சொத்தில் அவருக்குப் பங்கில்லை, இருவரையும் தூக்கி வளர்த்தவர், அம்மாவின் குரலையும் உள்ளே கொண்டுவருவார். அவர் இல்லாவிட்டால் அப்பாவின் நண்பர் ஒருவர், அல்லது ஒரு வழக்கறிஞர்.

அப்படி உட்கார்ந்தால் கணக்கு எளிதாகவே இருக்கும். வீட்டின் இன்றைய மதிப்பு 68 லட்சம் என்று மூவரும் ஒத்துக்கொள்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மாடிக்கு அண்ணன் போட்ட 8 லட்சத்தைத் தங்கை மனதார ஒதுக்கிவிடுகிறார். அதைச் சட்டப்படி கழிக்கலாமா என்பது தனி வழக்கு, பேசித் தீர்க்கும்போது பெரும்பாலும் கழிப்பார்கள். மீதி 60 லட்சம். ஆளுக்கு 20 லட்சம். அம்மாவின் 20 அம்மாவிடமே இருக்கட்டும், அவர் அங்கேதான் இருக்கப் போகிறார். தங்கையின் 20 லட்சத்தை அப்படியே எடுத்து வைக்க அண்ணனால் முடியாது. தங்கைக்கும் அவ்வளவும் வேண்டியதில்லை. "பன்னிரண்டு குடுக்கட்டும், ரெண்டு தவணையாக் குடுத்தாலும் சரி" என்கிறார். முழுப் பங்கு இருபது என்பதை அண்ணன் வாயால் ஒத்துக்கொண்ட பிறகுதான் தங்கைக்குப் பன்னிரண்டு என்று சொல்ல மனம் வந்தது. எட்டு லட்சத்தைத் தான் விட்டுக் கொடுத்ததாக அவர் உணர வேண்டும், பிடுங்கப்பட்டதாக அல்ல. தொகையைக் குறிப்பிட்டு விடுதலைப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகிறது, இந்தத் தடவை தேதியைத் தங்கை சொல்கிறார்.

பேச்சு முறிந்தால் நேராக வழக்குத்தான் என்பதில்லை. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2005 முதல் சமரச மையம் இருக்கிறது, மாவட்டங்களிலும் இருக்கின்றன. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்கு மனுக் கொடுக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் அங்கே இலவச சட்ட உதவி உண்டு. இதை நாத்தனாருக்குச் சொல்ல ஒரு அண்ணிக்கு மனம் வருமானால், அதைவிடப் பெரிய நியாயம் வேறு வேண்டியதில்லை.

மாப்பிள்ளையாக இருந்தால்

மேலே சொன்னதைத் திருப்பிப் போட்டால் தங்கையின் கணவர் நிற்கும் இடம் தெரியும். அவருடைய ஆபத்து வேறு. அவர் வாயைத் திறந்தால், "மாப்பிள்ளைதான் தூண்டி விடறாரு" என்பார்கள். அந்தப் பயத்தில் பல கணவர்கள், "அது உங்க வீட்டு விஷயம், என்ன இழுக்காத" என்று பேப்பரை விரித்துக்கொள்கிறார்கள். மனைவி அழுதுகொண்டே தனியாகப் போராடுகிறார். மனைவி சொல்வதை முழுசாகக் கேட்கலாம், ஆவணங்களை எடுத்துக் கொடுக்கலாம், வழக்கறிஞரிடம் கூட வரலாம். தொகையை முடிவு செய்வதும் மச்சானிடம் பேசுவதும் மனைவியிடமே இருக்கட்டும். மச்சானுக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்வதை மட்டும் நிறுத்த வேண்டாம்.

உறவின் மற்ற நூல்களை அறுக்காமல் வைத்திருப்பது இரு பக்கத்துத் துணைகளுக்கும் பொது. பிள்ளைகள் அத்தையோடு பேசட்டும். அவர்கள் காதில் விழ அத்தையைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். அப்பாவின் திதிக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று சண்டை வந்தால், அம்மா பெயரில் கூப்பிடலாம்.

எல்லாச் சண்டையிலும் இப்படி இரு பக்கமும் சாய முடியாது. தங்கையின் கையெழுத்தைப் போலியாகப் போட்டால், அம்மாவை மிரட்டிக் கைநாட்டு வாங்கினால், கை நீட்டினால், அங்கே இரண்டு பக்கம் கிடையாது. துணையைச் சிறுவயதில் கொடுமைப்படுத்திய உடன்பிறப்போடு, "என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவங்க" என்று ஒட்டவைக்கப் பார்ப்பதும் கொடுமையின் தொடர்ச்சியே. சாதாரண மனத்தாங்கலையும் இதையும் பிரித்தறிய ஒரு குறி உண்டு: சண்டையில் ஒருவருக்கு மற்றவர் மேல் பயம் இருக்கிறதா என்று பாருங்கள். பயம் இருந்தால், பயப்படுகிறவர் பக்கம் நில்லுங்கள்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் பலிக்காமலும் போகலாம். இராமாயணத்தில் தம்பியோடு மோதக் கிளம்பிய வாலியைத் தடுத்துச் சொன்னவள் அவன் மனைவி தாரை. சுக்ரீவனுக்குத் துணையாக இராமன் இருக்கிறான் என்ற செய்தியைச் சொன்னாள். தம்பியோடு சமாதானமாகிவிடு என்றும் சொன்னாள் என்கிறார் வான்மீகி. உண்மையை மறைக்கவில்லை, மைத்துனனைத் தூற்றவும் இல்லை. வாலி கேட்கவில்லை. அது தாரையின் குற்றம் என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை.

உங்கள் வீட்டில் இன்றிரவு அந்தக் கேள்வி வந்தால், தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். முதலில் தட்டை எடுத்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேளுங்கள். அப்போது நீங்கள் சொல்கிற ஒவ்வொரு வார்த்தையையும், கோயம்புத்தூரில் இருப்பவர் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துச் சொல்லுங்கள்.